பத்து லட்சத்தின் மேல் நிற்கும் நூறு கோடி

வல்லம் வடகால் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “விடுதியில் சிலர் செல்போனில் ஷிபா இனு வாங்கி வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு டோக்கன் ஒரு பைசாகூட இல்லை. ஒரு ரூபாய் ஆனால் வேலையை விட்டுவிடலாம் என்கிறார்கள். ஆகுமா சார்?”

பெருக்கிப் பார்த்துவிடலாம். சந்தை மதிப்பு என்று செயலிகள் காட்டுவது ஒரே ஒரு பெருக்கல்தான்: கடைசியாகக் கைமாறிய விலை, பெருக்கல் புழக்கத்தில் உள்ள எண்ணிக்கை. ஷிபா இனு புழக்கத்தில் இருப்பது சுமார் 589 லட்சம் கோடி. ஒன்று ஒரு ரூபாய் என்றால் மொத்தம் 589 லட்சம் கோடி ரூபாய். 2024-25இல் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியே ஏறத்தாழ 330 லட்சம் கோடிதான். ஆகவே ஆகாது என்று முடித்துவிடலாம்.

ஆனால் இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது, கட்டுரையே அதைப் பற்றித்தான். சந்தை மதிப்பு 589 லட்சம் கோடி ஆவதற்கு யாரும் அவ்வளவு பணத்தைக் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. கடைசி விலை மட்டும் உயர்ந்தால் போதும்.

வல்லம் வடகாலில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சாலையோரம் யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஒரு சென்ட்டை ஐந்து லட்சத்துக்கு வாங்கிவிட்டார் என்று வையுங்கள். மறுநாள் டீக்கடையில் ஊர் முழுக்க ஐந்து லட்சம்தான் விலை. ஊரில் எத்தனை சென்ட் இருக்கிறதோ அத்தனையையும் ஐந்து லட்சத்தால் பெருக்கி, “நம்ம ஊர் இத்தனை கோடி” என்பார்கள். பெருக்கியவர் ஏரியையும் சேர்த்துக்கொண்டாரா, சுடுகாட்டைச் சேர்த்தாரா, சிப்காட் கையகப்படுத்தியதைச் சேர்த்தாரா, பங்காளிகள் வழக்கில் கிடப்பதைச் சேர்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. ஊரே ஒரே நாளில் விற்க வந்தால் வாங்க ஆள் எங்கே என்றும் கேட்பதில்லை.

டோக்கன் உலகில் இந்த விலை பிறக்கும் விதம் நிலத்தைவிட வேடிக்கையானது. யூனிஸ்வாப் போன்ற பரிமாற்றங்களில் பேரம் பேச ஆளே இல்லை. ஒரு குளம் இருக்கிறது, அதில் ஒரு பக்கம் டோக்கன், மறுபக்கம் பணம். இரண்டையும் பெருக்கினால் வரும் தொகை மாறக்கூடாது. விதி இவ்வளவுதான்.

கற்பனையாக ஒரு டோக்கன். மொத்தம் 100 கோடி அச்சடிக்கிறார்கள். குளத்தில் 10 லட்சம் டோக்கனும் 10 லட்சம் ரூபாயும் போடுகிறார்கள். ஆகவே விலை ஒரு ரூபாய், ‘சந்தை மதிப்பு’ 100 கோடி ரூபாய். இப்போது ஒருவர் 10 லட்சம் டோக்கனை விற்க வருகிறார். குளத்தில் டோக்கன் 20 லட்சம் ஆகிவிடும். பெருக்குத்தொகை மாறாமல் இருக்க, ரூபாய் 5 லட்சமாகக் குறைய வேண்டும். எனவே விற்றவர் கைக்குக் கிடைப்பது 5 லட்சம். குளத்தில் இப்போது 20 லட்சம் டோக்கனுக்கு எதிரே 5 லட்சம் ரூபாய், விலை 25 பைசா. வெறும் 5 லட்சம் வெளியே போனதில் சந்தை மதிப்பு 100 கோடியிலிருந்து 25 கோடிக்கு இறங்கிவிட்டது. அந்த 75 கோடி எங்கே போனது என்று தேட வேண்டாம், அது இருந்ததே இல்லை. (கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது சொற்பம்.)

தலைகீழாகவும் ஓட்டிப் பாருங்கள். அதே தொடக்கக் குளத்தில் ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் டோக்கன் 5 லட்சமாகவும் ரூபாய் 20 லட்சமாகவும் மாறும், விலை நான்கு ரூபாய். பத்து லட்சம் போட்டவுடன் முந்நூறு கோடி ‘உருவாகிவிட்டது’. யூடியூபில் கொண்டாட்டம். ஆனால் எத்தனை கோடி டோக்கனைக் கொட்டினாலும், குளத்தில் உள்ள ரூபாய்க்கு மேல் ஒரு காசு வெளியே வராது.

பங்குச்சந்தைக்காரர்கள் இதையெல்லாம் முன்பே சந்தித்தவர்கள். நிறுவனர்கள் கையில் பூட்டிக் கிடக்கும் பங்குகளை விட்டுவிட்டு, சந்தையில் நிஜமாகவே கைமாறக்கூடியவற்றை மட்டும் எண்ணும் முறைக்குச் சென்செக்ஸ் 2003 செப்டம்பரில் மாறியது. வரலாறு இது போதும்.

டோக்கனிலும் அந்த எண்ணிக்கைதான் சிக்கல். ஈத்தரியத்தில் ஓடும் டோக்கன்களின் ஒப்பந்த நிரலில் `totalSupply()` என்று ஒரு கேள்வி உண்டு. கேட்டால் மொத்த இருப்பைச் சொல்லும். ஆனால் புழக்கத்தில் எவ்வளவு என்று கேட்க அந்தத் தரத்தில் கேள்வியே கிடையாது. அந்த எண்ணை மனிதர்கள்தான் உட்கார்ந்து கணக்கிடுகிறார்கள்: எந்த முகவரியை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவுசெய்து.

ஷிபா இனுவையே எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்டில் ரியோஷி என்ற புனைபெயர்க்காரர் உருவாக்கியது 1,000 லட்சம் கோடி டோக்கன். ஏறத்தாழ பாதியை யூனிஸ்வாப் குளத்தில் போட்டார். மறு பாதியை ஈத்தரியத்தின் நிறுவனர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரினின் முகவரிக்கு, கேட்காமலே, அனுப்பிவைத்தார். அவர் தொடமாட்டார், ஆகவே பாதி அழிந்ததற்குச் சமம் என்பது கதை. உயிரோடு இருக்கும் ஒருவர் கையில் சாவி இருக்கும்போது அதைப் புழக்கம் என்று எண்ணுவதா, இல்லையா?

2021 மே 12இல் பதில் கிடைத்தது. கொரோனா இரண்டாம் அலையில் நாடு ஆக்சிஜனுக்குத் திண்டாடிய நேரம். பாலிகான் இணை நிறுவனர் சந்தீப் நெய்ல்வால் தொடங்கிய கிரிப்டோ நிவாரண நிதிக்கு விட்டாலிக் 50 லட்சம் கோடி ஷிபாவை அனுப்பினார். அன்றைய விலையில் நூறு கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் எழுதின. செய்தி பரவியதும் ஒரு நாளுக்குள் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. நிதியால் அதை ஒரேயடியாக விற்கவும் முடியாது, குளத்தின் கணக்கு மேலே பார்த்ததுதான். சிறுகச் சிறுக விற்போம் என்று நெய்ல்வால் அறிவிக்க வேண்டியிருந்தது.

அடுத்த சில நாள்களில் விட்டாலிக் 410 லட்சம் கோடியை யாரிடமும் சாவி இல்லாத முகவரிக்கு அனுப்பி ‘எரித்தார்’. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எரித்தது என்றாலும் ஒப்பந்தத்துக்கு அது இன்னொரு முகவரிக்குப் போன சாதாரண அனுப்புதல். அதனால் ஒப்பந்தத்திடம் `totalSupply()` கேட்டால் இன்றும் கிட்டத்தட்ட 1,000 லட்சம் கோடி என்றே சொல்கிறது. விலைத் தளங்கள் காட்டும் 589 லட்சம் கோடி, அந்தச் சுடுகாட்டு முகவரியைக் கழித்த மனிதக் கணக்கு. இங்கே கழித்தது நியாயம். வேறொரு டோக்கனில் எதைக் கழித்தார்கள் என்பது அதை வெளியிட்டவர் சொன்னதைப் பொறுத்தது.

எதிர்ப்பக்கத்து ஏமாற்றும் உண்டு. 2023 ஜூலையில் வந்த வேர்ல்டுகாயினின் மொத்தம் 1,000 கோடி. தொடக்கத்தில் புழங்க அனுமதித்தது அதிகபட்சம் 14.3 கோடி, அதிலும் 10 கோடி விலையைத் தாங்கிப் பிடிக்கும் சந்தை நிறுவனங்களுக்குக் கடனாகப் போனது. விலை சுமார் 2 டாலர். புழக்கத்தை வைத்துப் பெருக்கினால் 30 கோடி டாலருக்குள் அடக்கமான டோக்கன். மொத்தத்தால் பெருக்கினால், அதாவது செயலியில் `FDV` என்று வரும் எண், 2,000 கோடி டாலர். முதலாவது, வரப்போகும் டோக்கன்களை மறைக்கிறது. இரண்டாவது, நூற்றில் ஒன்றரைப் பங்குக்குக் கிடைத்த விலையை மீதி முழுவதற்கும் ஒட்டிவிடுகிறது. முதலீட்டாளர்களுக்கும் குழுவினருக்கும் ஒதுக்கியது 2024 ஜூலையிலிருந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அதை வாங்கப் புதிய பணம் வராவிட்டால், சந்தை மதிப்பு அப்படியே நின்றாலும் ஒரு டோக்கனின் விலை கரையும்.

விடுதி நண்பர்கள் புதிய டோக்கன் எதையாவது காட்டினால், சந்தை மதிப்பு வரியைத் தாண்டிக் கீழே போய் மூன்றைப் பார்க்கலாம். புழக்கம் மொத்தத்தில் எத்தனை சதவீதம். அந்த எண்ணைத் தளம் சரிபார்த்ததா, வெளியிட்டவர் தாமே சொன்னதா. குளத்தில் எவ்வளவு பணம் கிடக்கிறது. ஈதர்ஸ்கேன் தளத்தில் முதல் பத்து முகவரிகளிடம் எவ்வளவு என்ற பட்டியலும் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் குளமும் பரிமாற்றங்களும் போக, பெயர் தெரியாத ஓரிரு முகவரிகளிடம் பாதி இருந்தால், விலையைத் தீர்மானிப்பது அவர்கள் விற்கும் நாள்தான்.