கனத்த மாவில் நின்றுபோகும் மிக்சர்

50 ஹெர்ட்ஸில் ஒரு ஃபேஸுக்கு 240 வோல்ட் பெறும் மோட்டாருக்கு, டிரைவ் 5 ஹெர்ட்ஸில் 24 வோல்ட்தான் தரும். சுருளின் மின்தடை 1 ஓம், லோடில் ஓடும் கரன்ட் 10 ஆம்பியர் என்றால் அதில் 10 வோல்ட் கம்பியிலேயே வீணாகிவிடும். காந்தப்புலம் மெலிந்து, கனத்த மாவுக்குள் மிக்சர் நின்றுவிடும். இந்த இழப்பை ஈடுகட்டுவது டார்க் பூஸ்ட். அதைச் சிறிது சிறிதாக, கரன்டைப் பார்த்தபடியே கூட்ட வேண்டும். லோடு இல்லாதபோதும் கரன்ட் எகிறினால் பூஸ்ட் மிகுதி. மோட்டார் சூடாகும், டிரைவ் ட்ரிப் ஆகும்.

ஸ்லிப் காம்பன்சேஷன் அடுத்த வேலை. 1500க்குப் பதில் 1440 சுற்று ஓடும் மோட்டாரின் ஸ்லிப் 60 சுற்று, அதாவது 2 ஹெர்ட்ஸ். 5 ஹெர்ட்ஸில் 150 சுற்று 90 ஆகக் குறையும். முழு லோடில் அந்த 2 ஹெர்ட்ஸைச் சேர்த்தால் வேகம் மீளும். நின்றுபோன மிக்சரை இது மட்டும் கிளப்பாது.