முதல் தடவையும் மூன்று வருஷமும்: ஒரு சொல் வந்தால் காலம் ஏன் மாறுகிறது?

பல்லேபொலவில் ஆங்கிலம் படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து சித்தி மகள் வந்திருக்கிறாள். அவள் இதற்கு முன் தேரைப் பார்த்ததே இல்லை. தமிழில் இதைச் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. ஆனால் இதே செய்தி பயிற்சிக் கொப்பியில் ஆங்கிலக் கேள்வியாக வரும்போது பலருக்குப் பேனா நின்றுவிடுகிறது.

கேள்வியின் அமைப்பு இதுதான். மேலே ஒரு வாக்கியம் இருக்கும்: "ஷீ ஹேஸ் நெவர் சீன் த தேர் பிஃபோர்." அதன் கீழே 'ஃபர்ஸ்ட்' என்ற ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதற்கும் கீழே நடுவில் இடைவெளி விட்ட இன்னொரு வாக்கியம்: "திஸ் இஸ் ______ சீன் த தேர்." கொடுத்த சொல்லை ஓர் எழுத்தும் மாற்றாமல் பயன்படுத்தி, பொருள் மாறாதபடி இடைவெளியை நிரப்ப வேண்டும். கேம்பிரிட்ஜ் நடத்தும் 'பி2 ஃபர்ஸ்ட்' பரீட்சையில் இத்தகைய கேள்விகள் ஆறு வரும். கொடுத்த சொல்லையும் சேர்த்து இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள் விடை முடிய வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு புள்ளிகள். விடையை இரண்டு பாதிகளாகப் பார்த்துப் பாதிக்கு ஒரு புள்ளி கொடுப்பார்கள்.

சரியான விடை "த ஃபர்ஸ்ட் டைம் ஷீ ஹேஸ்". எண்ணினால் ஐந்து சொற்கள்.

முழு வாக்கியத்தையும் தாங்களே எழுதும்போது பலர் எழுதுவது வேறு: "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஷீ இஸ் சீயிங் த தேர்." இந்தத் தவறு சோம்பலால் வருவதில்லை, தமிழிலிருந்து நேராக வருகிறது. "இப்போதுதான் முதன்முதலாகத் தேரைப் பார்க்கிறாள்" என்றுதான் நாம் சொல்கிறோம். கண்முன்னே நடக்கிறது, ஆகவே நிகழ்காலம். பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுகிறவர்களும் இதே இடத்தில் நிகழ்காலத்தையே சொல்வார்கள், ஆங்கிலத்துக்கு வந்ததும் இதே தவறைச் செய்வார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் பேச்சு ஆங்கிலத்தில் இது சாதாரணமாகக் காதில் விழும். ஆனால் பரீட்சைத் தாளில் இதற்குப் புள்ளி கிடைக்காது.

ஆங்கிலம் இந்த இடத்தில் வேறு கோணத்திலிருந்து பார்க்கிறது. 'ஃபர்ஸ்ட் டைம்' என்பது ஒரு கணக்கு. பிறந்த நாள் தொடக்கம் இந்த நிமிஷம் வரை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள் என்று எண்ணி, 'ஒன்று' என்று விடை சொல்கிறது. இதுவரை என்று எண்ணும் கணக்குக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் காலம் பிரசன்ட் பர்ஃபெக்ட். நம்மிடமும் இந்தக் கோணம் இருக்கிறது. "பார்த்திருக்கிறாள்", "பார்த்ததில்லை" என்பவை இதுவரையிலான கணக்கைத்தான் சொல்கின்றன. மேல் வாக்கியத்தில் 'பார்த்ததே இல்லை' என்று பூஜ்யமாக இருந்தது கீழ் வாக்கியத்தில் ஒன்றாகிறது. அதனால்தான் 'நெவர்' என்ற மறுப்பும் 'பிஃபோர்' என்ற சொல்லும் விழுந்துவிடுகின்றன. அவசரத்தில் 'நெவர்' ஒட்டிக்கொண்டு வந்தால் பொருளே தலைகீழாகிவிடும்: "அவள் பார்க்காமல் விட்ட முதல் தடவை இது" என்றாகும்.

தேர்த்திருவிழா முடிந்து, அடுத்த மாதம் அந்தக் கதையைச் சொல்லும்போது தொடக்கமும் மாறும். "இட் வாஸ் த ஃபர்ஸ்ட் டைம்" என்று தொடங்கினால், பின்னால் வருவது "ஷீ ஹேட் சீன்". கணக்கு எடுக்கும் நாள் பின்னுக்குப் போனதால் காலமும் ஒரு படி பின்னுக்குப் போகிறது. 'இஸ்' இருந்தால் 'ஹேஸ்', 'வாஸ்' இருந்தால் 'ஹேட்' என்று இரண்டையும் சோடியாக நினைவில் வைப்பது பிள்ளைகளுக்கு எளிது.

ஆனால் 'ஃபர்ஸ்ட் டைம்' வந்த இடமெல்லாம் பர்ஃபெக்ட் என்று நம்பிவிடக் கூடாது. "த ஃபர்ஸ்ட் டைம் ஐ சா த தேர், இட் வாஸ் ரெய்னிங்" என்ற வாக்கியத்தில் யாரும் எதையும் எண்ணவில்லை. "முதன்முதல் பார்த்த அன்று மழை" என்று ஒரு நாளைத்தான் சுட்டுகிறது. இந்த இடத்துக்குச் சாதாரண இறந்தகாலமே சரி. விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இந்த இடத்தில்தான் தடுக்கி விழும்.

'சின்ஸ்' வந்தாலும் காலம் மாறும், ஆனால் வேறு விதமாக. கேள்வி இப்படி இருக்கட்டும்: "ஹீ லாஸ்ட் விசிட்டட் பல்லேபொல த்ரீ இயர்ஸ் அகோ." கொடுத்த சொல் 'சின்ஸ்'. கீழ் வாக்கியம்: "இட் இஸ் ______ விசிட்டட் பல்லேபொல." விடை "த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஹீ லாஸ்ட்".

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய துணை. பெரியப்பாவைப் பற்றி வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வோம்? "அவர் கடைசியாக வந்து மூன்று வருஷம் ஆகிறது." இதில் 'ஆகிறது' நிகழ்காலம், 'வந்து' முடிந்துபோன செயல். ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடும் இதுவே. "இட் இஸ் த்ரீ இயர்ஸ்" என்பது "மூன்று வருஷம் ஆகிறது". "சின்ஸ் ஹீ லாஸ்ட் விசிட்டட்" என்பது "கடைசியாக வந்து". 'முன்பு' என்ற சொல் தமிழில் எப்படிக் காணாமல் போனதோ, அப்படியே ஆங்கிலத்தில் 'அகோ' போய்விடுகிறது. "இட் ஹேஸ் பீன் த்ரீ இயர்ஸ் சின்ஸ்" என்று தொடங்கினாலும் சரியே. 'சின்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் வினை மட்டும் இறந்தகாலத்திலேயே நிற்கும்.

தமிழ் காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. "2015 முதல் இங்கே படிப்பிக்கிறார்" என்கிறோம். வேலை தொடர்கிறது, ஆகவே நமக்கு நிகழ்காலம். அதை அப்படியே எழுதினால் "ஷீ இஸ் டீச்சிங் ஹியர் சின்ஸ் 2015" என்று வரும், அது பிழை. மேலே "ஷீ ஸ்டார்ட்டட் டீச்சிங் ஹியர் இன் 2015" என்று கொடுத்து 'சின்ஸ்' கேட்டால், 'ஸ்டார்ட்டட்' என்ற வினையே மறைந்து "ஷீ ஹேஸ் டாட் ஹியர் சின்ஸ் 2015" என்றாக வேண்டும். 'தொடங்கினார்' சொன்ன வேலையை இப்போது 'சின்ஸ்' சொல்லிவிடுகிறது.

"சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று எழுதுவது இன்னொரு பரவலான பிழை. இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. '2015 முதல்', '2015இலிருந்து' என்று தொடக்கப் புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. 'மூன்று வருஷமாக' என்று நீளத்தைச் சொன்னால் 'ஃபோர்'. 'ஆக' என்ற ஈறு காதில் விழுந்தால் 'சின்ஸ்' எழுதக் கை போகக் கூடாது.

எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய சரிபார்ப்பு சிறியது. மேல் வாக்கியத்தின் 'நெவர்', 'பிஃபோர்', 'அகோ', 'ஸ்டார்ட்டட்' ஆகியவற்றில் ஏதாவது தப்பிப் பிழைத்துக் கீழே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் வாக்கியம் இன்னும் முழுதாக மாறவில்லை என்று அர்த்தம். பிறகு சொற்களை எண்ண வேண்டும். 'ஹேஸன்ட்' போன்ற சுருக்கம் தாளில் ஒரு சொல்லாகத் தெரிந்தாலும் கணக்கில் இரண்டு.

ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கொப்பியைத் திறக்கும் முன், "பெரியப்பா வந்து எவ்வளவு காலமாகிறது?" என்று பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள். 'சின்ஸ்' கேட்கும் விடையின் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது.