நேர்வழியில் கிடைக்காத புரோப்பைல் பென்சீன்

பென்சீனில் மூன்று கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி வேண்டுமா? 1-குளோரோபுரோப்பேனும் அலுமினியம் குளோரைடும் போதும் என்று தோன்றும். 1877இல் ஃபிரீடலும் கிராஃப்ட்சும் காட்டிய வழிதான். ஆனால் பெரும்பாலும் கிடைப்பது கிளைத்த ஐசோபுரோப்பைல் பென்சீன். குளோரினை அலுமினியம் இழுக்கும்போதே நடுக் கார்பனின் ஹைட்ரஜன், எலக்ட்ரான் இணையோடு ஓரத்துக்குத் தாவிவிடுகிறது. நேர்மின்சுமை, நிலைப்பு அதிகமுள்ள நடுவுக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு, ஒட்டிய அல்கைல் தொகுதி வளையத்துக்கு எலக்ட்ரானை ஊட்டுவதால் அடுத்தடுத்த தொகுதிகளும் வந்து ஏறும்.

புரோப்பனாயில் குளோரைடில் இந்தத் தொல்லை இல்லை. அசைலியம் அயனியின் மின்சுமையை ஆக்சிஜனும் பங்கிட்டுக்கொள்வதால் அது இடம்மாறுவதில்லை. உருவாகும் கீட்டோன் வளையத்தின் எலக்ட்ரானை இழுப்பதால் இரண்டாவது தொகுதியும் ஏறாது. பிறகு துத்தநாக ரசக்கலவை, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டு ஒடுக்கினால் நேர்ச்சங்கிலி தயார். ஒன்று மட்டும்: கீட்டோன் அலுமினியம் குளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஒரு மோலுக்குச் சற்றுக் கூடுதலாகவே போட வேண்டும்.