'பணம் போட்டாச்சு' என்று சொன்னால் போதுமா?

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் மேல்விஷாரத்திலும் பெரிய டேனரிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சின்ன ஃபினிஷிங் யூனிட்டுகள் நிறைய இருக்கின்றன. தோல் பார்ட்டியுடையது. ஸ்பிரே அடிப்பது, இஸ்திரி போடுவது, பாலிஷ் ஏற்றுவது மட்டும் இவர்கள் வேலை. கூலி சதுர அடிக் கணக்கு. வாரச் சம்பளம், கெமிக்கல் கடை பாக்கி, கரண்ட் பில், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பங்கு எல்லாம் அந்தக் கூலியிலிருந்துதான் போக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மதியமே போன் வந்துவிடும்: "சார், பணம் போட்டாச்சா?"

"போட்டாச்சு பாய், வந்துடும்" என்பதுதான் நம் அக்கவுண்ட்ஸ் மேசைகளில் வழக்கமான பதில். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. எவ்வளவு, எந்த வங்கியிலிருந்து, எந்த பில்லுக்கு, என்ன கழித்தார்கள் என்று எதுவும் அதில் இல்லை. பணம் வந்து சேர்ந்தாலும் தொகை பில்லோடு ஒத்துப்போகாது. சனிக்கிழமை மறுபடி போன் வரும். ஒரே ஒரு செய்தியை ஒழுங்காக அனுப்பினால் இந்த இரண்டாவது போனுக்கு வேலையில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஜாப் ஒர்க் செய்பவர் தனிநபர் உரிமையாளர். இரண்டு பில் பாக்கி. 2025 அக்டோபர் 4 தேதியிட்ட 118-ஆம் எண் பில்லில் கூலி 1,40,000 ரூபாய். அக்டோபர் 11 தேதியிட்ட 123-ஆம் எண் பில்லில் 96,000 ரூபாய். தோல் ஜாப் ஒர்க்குக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆக வரியோடு முதல் பில் 1,47,000, இரண்டாவது 1,00,800, மொத்தம் 2,47,800 ரூபாய்.

இதில் இரண்டு கழிவுகள் உண்டு. ஒன்று டி.டி.எஸ். தனிநபருக்கு ஜாப் ஒர்க் கூலியில் 1 சதவீதம் பிடிக்க வேண்டும். கூட்டு நிறுவனமோ கம்பெனியோ என்றால் 2 சதவீதம். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் கூலித் தொகை மீது மட்டும்தான் பிடிக்க வேண்டும். 2,36,000-க்கு 1 சதவீதம் 2,360 ரூபாய். மொத்தத் தொகையான 2,47,800-க்குக் கணக்குப் போட்டு 2,478 பிடித்துவிடுகிறவர்கள் உண்டு. வித்தியாசம் 118 ரூபாய்தான், ஆனால் அது என்னவென்று கண்டுபிடிக்க எதிராளிக்கு அரைநாள் போய்விடும். இன்னொன்று, 118-ஆம் பில்லில் சில தோல்களில் ஸ்பிரே பிசகி ஷேடு மாறியதற்காக அவர் ஒப்புக்கொண்டு கொடுத்த கிரெடிட் நோட்டு. கூலி 4,000, அதன் ஜி.எஸ்.டி. 200, மொத்தம் 4,200. இரண்டும் போக அனுப்ப வேண்டியது 2,41,240 ரூபாய்.

பட்டனை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. இரண்டிலும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயரைப் பார்த்து அல்ல. ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்துவிட்டால் பணம் அங்கே போய்விடும். கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி.யையும் போட்டால் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. புதிய பார்ட்டியைச் சேர்க்கும்போது அந்தப் பெயரைப் படித்துப் பாருங்கள். "இந்த வாரம் வேற அக்கவுண்ட்ல போடுங்க" என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ செய்தி வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, அவர் குரலில் கேட்டபிறகுதான் மாற்ற வேண்டும். செய்தி வந்த எண்ணுக்கே திருப்பிக் கேட்பதில் பயனில்லை.

தொகை 2 லட்சத்துக்கு மேல் என்பதால் ஆர்.டி.ஜி.எஸ். போடலாம். 2020 டிசம்பர் 14 முதல் இது ராத்திரி பகல், ஞாயிறு எல்லா நேரமும் ஓடுகிறது. பெறும் வங்கி தகவல் வந்த 30 நிமிடத்துக்குள் வரவு வைக்க வேண்டும். 2 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் என்.இ.எஃப்.டி.; அது அரைமணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும், தொகுப்பு தீர்வானதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரவாக வேண்டும். காத்திருப்பவருக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி எப்போது செய்தி அனுப்புவது? பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது. கம்பெனிக் கணக்கில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார். பதிவு செய்ததுமே திரையில் ஒரு குறிப்பு எண் வந்துவிடும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுகிறோம். முதலாளி சென்னையில் பெரியமேட்டில் இருப்பார், ஒப்புதல் கொடுத்திருக்க மாட்டார், பணம் நம் கணக்கை விட்டு நகர்ந்தே இருக்காது. அங்கே பார்ட்டி நம் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி கெமிக்கல் கடையில் வாக்குக் கொடுத்துவிட்டிருப்பார். பதிவு எண் என்பது நம் வங்கிக்குள் மட்டும் செல்லும் எண். அதை வைத்து அவருடைய வங்கி எதையும் தேட முடியாது.

தேட உதவுவது யு.டி.ஆர். எண் ஒன்றுதான். ஒப்புதலாகி, நம் கணக்கில் பற்று விழுந்தபிறகே அது பிறக்கும். ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் அது 22 எழுத்து:

```
XXXXRC20251114NNNNNNNN
```

முதல் நான்கும் அனுப்பும் வங்கியின் குறியீடு. அடுத்த R ஆர்.டி.ஜி.எஸ்.ஸைக் குறிக்கும். அதன்பின் ஓர் எழுத்து, எட்டு இலக்கத்தில் தேதி, கடைசி எட்டும் வரிசை எண். என்.இ.எஃப்.டி. யு.டி.ஆர். பெரும்பாலும் 16 எழுத்துதான் இருக்கும். கையால் தட்டச்சு செய்யாதீர்கள். பூஜ்யமும் O என்ற எழுத்தும் மாறிப்போகும். வங்கிப் பக்கத்திலிருந்து நகலெடுத்து எழுத்தாகவே ஒட்டுங்கள். படமாக அனுப்பினால் அவர் அதைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். படத்தைத் திருத்திப் பொய்யாக அனுப்பிச் சரக்கை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு என்பதால், விவரம் தெரிந்த யாரும் இப்போது படத்தை மட்டும் நம்புவதில்லை.

மேலே போட்ட கணக்குக்குச் செய்தி இப்படி இருக்கலாம்:

```
பாய், வணக்கம். இன்று 14-11-2025 பகல் 12.40-க்கு
ரூ. 2,41,240 ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பியாச்சு.
யு.டி.ஆர்.: XXXXRC20251114NNNNNNNN
உங்கள் கணக்கு: கடைசி நான்கு இலக்கம் 4471
பில் 118 (04-10-2025)     1,47,000
பில் 123 (11-10-2025)     1,00,800
கிரெடிட் நோட்டு, பில் 118   - 4,200
டி.டி.எஸ். 1% (2,36,000 மீது) - 2,360
அனுப்பியது               2,41,240
இந்த இரண்டு பில்லும் முடிந்தது.
2 மணிக்குள் வரவாகவில்லை என்றால் கூப்பிடுங்கள்.
```

கணக்கு எண் முழுவதையும் போடத் தேவையில்லை. இந்தச் செய்தி யார் யாருக்கோ முன்னனுப்பப்படும். எந்தக் கணக்கு என்று அவருக்குத் தெரிய கடைசி நான்கு இலக்கம் போதும். சிலர் கேஷ் கிரெடிட் கணக்கும் கரண்ட் அக்கவுண்டும் வைத்திருப்பார்கள். பணம் எதில் விழுந்தது என்பது அவர்களுக்கு முக்கியம்.

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதிதான் அனுப்பியிருக்கிறோம் என்றால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும்: "118 முழுசா முடிஞ்சது, 123-ல 60,000 பாக்கி" என்று. எந்த பில்லையும் குறிப்பிடாமல் ஒரு லட்சம் முழுத் தொகையாகத் தள்ளிவிடுவது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கம். வாங்குகிறவருக்கு அப்போதைக்கு நிம்மதிதான். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது எந்த பில் எப்போது தீர்ந்தது என்று இரண்டு பக்கமும் தெரியாது.

இப்போது அது வெறும் கணக்குத் தொந்தரவு மட்டுமல்ல. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தி அல்லது சேவை யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான் தவணை. அதைத் தாண்டி, நிதியாண்டு முடிவிலும் பாக்கி நின்றால், அந்தச் செலவை நாம் அந்த ஆண்டு வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறை. 118-ஆம் பில்லுக்கான வேலையை அக்டோபர் 4 அன்றே ஏற்றுக்கொண்டிருந்தால், ஒப்பந்தப்படியும் நவம்பர் 18-தான் கடைசி. பில் எண்ணோடும் தேதியோடும் அனுப்பிய செய்தியும் அதிலுள்ள யு.டி.ஆரும் நாளை தணிக்கையாளர் கேட்கும்போது நமக்கே சாட்சி.

சொன்ன நேரத்துக்கு வரவாகவில்லை என்றால்? முதலில் நம் வங்கிக் கணக்கைத் திறந்து, அதே தொகை திரும்ப வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வரவு வைக்க முடியாத ஆர்.டி.ஜி.எஸ். தொகையைப் பெறும் வங்கி ஒரு மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும். அது சத்தமில்லாமல் திரும்பி வந்து நம் கணக்கில் கிடக்கும், நாம் போட்டாச்சு என்று சொல்லிக்கொண்டிருப்போம். கணக்கு முடக்கப்பட்டிருப்பது, மூடப்பட்டிருப்பது, வங்கிகள் இணைந்தபின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி.யே நம் பட்டியலில் இருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். 2020-ல் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ்.ஸோடு சேர்ந்ததும், அதே ஆண்டு சிண்டிகேட் கனராவோடும் அலகாபாத் இந்தியன் வங்கியோடும் சேர்ந்ததும் தெரிந்ததே. திரும்பியிருந்தால் பார்ட்டி கேட்கும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லி, விவரத்தைச் சரிபார்த்து, மறுபடி அனுப்பி, புதிய யு.டி.ஆரைக் கொடுங்கள். பழைய எண் செல்லாது என்பதையும் எழுதுங்கள்.

திரும்பவில்லை, அங்கேயும் வரவாகவில்லை என்றால், அவர் தன் கிளைக்கு யு.டி.ஆரோடு போகலாம். தாமதத்துக்கு வங்கி ரெப்போ வட்டியோடு 2 சதவீதம் கூட்டி ஈடு தர வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. எண்ணைக் காட்டியதும் கிளையில் தேடி எடுத்துவிடுவார்கள்.

வரவானதும் "வந்துடுச்சு சார்" என்று ஒரு வரி அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் நம் பக்கம் ஒரு பாக்கி இருக்கிறது: கழித்த 2,360 ரூபாய். அக்டோபரில் பில் பதிவானபோதே பிடித்த வரி என்பதால் அதை நவம்பர் 7-க்குள் அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அது அவருடைய 26ஏ.எஸ். படிவத்தில் தெரியும். அவருடைய பான் எண் தவறாக இருந்தால் தெரியவே தெரியாது.