மழைத் தெரு, ஒரு சைக்கிள்: அது என்ன பாட்டு?

பாட்டின் வரி மறந்துபோகும், மெட்டும் பாதிதான் நினைவிருக்கும். ஆனால் எப்போதோ டி.வி.யில் பார்த்த காட்சி மட்டும் அப்படியே நிற்கும். "மழை பெய்யும் தெரு. ஒருத்தன் சைக்கிளில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போவான். இங்கிலீஷ் பாட்டு." இவ்வளவை வைத்துப் பாட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? பல நேரம் முடியும். ஆனால் மழை, தெரு, சைக்கிள் மூன்றையும் ஒரே அளவு நம்பக் கூடாது.

தெருவைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும். கணக்கற்ற வீடியோக்களில் தெரு வருகிறது. தேடும் பெட்டியில் அந்தச் சொல்லைப் போட்டால், தலைப்பிலோ வரியிலோ தெரு வரும் பாட்டுகள்தான் முன்னால் வந்து நிற்கும். வீடியோவில் நடக்கும் கதை பாட்டு வரியில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தி வெர்வ் குழுவின் 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி' (1997) வீடியோவில், பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் லண்டனின் ஹாக்ஸ்டன் தெருவில் எதிரே வருபவர்களை இடித்துக்கொண்டு, யாருக்கும் விலகாமல் நடந்துகொண்டே இருப்பார். பாட்டு வரியில் இந்தக் கதை இல்லை. மாஸிவ் அட்டாக்கின் 'அன்ஃபினிஷ்டு சிம்பதி'யிலும் (1991) தெருவில் ஒரே நடைதான். ஆனால் அங்கே நடப்பவர் ஷாரா நெல்சன் என்ற பாடகி, இடம் லாஸ் ஏஞ்சல்ஸ், முழுவதும் வெட்டில்லாத ஒரே ஷாட். "தெருவில் நடப்பார்கள்" என்று சொன்னால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. "நடந்தது ஆணா பெண்ணா, யார் மேலாவது இடித்தாரா?" என்று கேட்டால் உடனே பிரிந்துவிடும். பாட்டைக் காட்டிக்கொடுப்பது பின்னணி அல்ல, அங்கே நடந்த செயல்.

இதே கேள்வியைச் சைக்கிள் பக்கம் திருப்பலாம். அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள்? பின் கேரியரிலா, முன்னால் ஹேண்டில்பார் மேலா? ஓட்டியதைத் தவிர அவன் வேறு என்ன செய்தான்? "ஹேண்டில்பாரில்தான். பிறகு அவன் தனியாக வித்தை காட்டுவான், கடைசியில் ஒரு காளை துரத்தும்" என்று பதில் வந்தால் தேடல் ஏறக்குறைய முடிந்தது. அது 1969இல் வந்த 'புட்ச் கேஸிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்' படத்தின் காட்சி. ஓட்டுபவர் பால் நியூமன், முன்னால் இருப்பவர் கேத்தரின் ராஸ். பாட்டு 'ரெயின்ட்ராப்ஸ் கீப் ஃபாலின் ஆன் மை ஹெட்'. இசை பர்ட் பேக்கரேக், வரிகள் ஹால் டேவிட், குரல் பி.ஜே. தாமஸ். சிறந்த பாடலுக்கான ஆஸ்கரும் இதற்குக் கிடைத்தது.

இந்தக் காட்சியில் மழையே இல்லை. நல்ல வெயிலில், பண்ணை வெளியில் எடுத்தது. மழை இருப்பது பாட்டின் தலைப்பிலும் வரியிலும்தான். காதால் கேட்ட மழையை மனசு, கண் பார்த்த காட்சிக்குள் பெய்ய வைத்துவிடுகிறது. தெருவுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். 'ஸ்பைடர்மேன் 2' (2004) படத்தில், பீட்டர் பார்க்கர் ஸ்பைடர்மேன் வேடத்தை உதறிவிட்டு நியூயார்க் தெருவில் நிம்மதியாக நடக்கும்போது ஒலிப்பது இதே பாட்டு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு மழை, தெரு, சைக்கிள் மூன்றும் ஒரே படமாகிப் போவதில் வியப்பில்லை. அதனால்தான், நினைவில் எது கண்ணால் பார்த்தது, எது காதால் கேட்டது என்று முதலிலேயே பிரித்து எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

தேடும்போது "மியூசிக் வீடியோ" என்று மட்டும் போட்டால் இந்தப் பாட்டு தப்பிவிடக்கூடும். எம்.டி.வி. தொடங்கியதே 1981இல். அதற்கு முந்தைய திரைப்படக் காட்சிகளும் பிற்பாடு பாட்டு வீடியோ போலவே வலம் வந்தன. ஆகவே செயலை முன்வைத்து, இப்படி ஆங்கிலத்தில் தேடுவது நல்லது:

```
movie scene bicycle girl on handlebars bull song
```

கிடைத்த பாட்டு அதுதானா என்று உறுதிசெய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டைக் கேட்டுவிட்டு, "மெட்டு இதுதான், ஆனால் குரல் இப்படி இருக்காதே" என்று சிலர் தயங்குவார்கள். படத்துக்காகப் பாடியபோது தாமஸுக்குத் தொண்டை அழற்சி. அந்தப் பதிவில் குரல் கரகரப்பாக இருக்கும். நடுவே, சைக்கிள் வித்தைக்காக நீண்ட வாத்திய இசையும் வரும். இசைத்தட்டுக்குப் பிறகு பாடியதில் குரல் தெளிந்துவிட்டது, அந்த வாத்தியப் பகுதியும் இல்லை. ஒத்துப்பார்க்க வேண்டியது படத்தின் காட்சியோடு ஒலிக்கும் பதிவைத்தான்.

காட்சி சரியாகப் பொருந்தி, பாட்டு மட்டும் முற்றிலும் வேறாக இருந்தால், யாரோ ஒரு ரசிகர் படத்துண்டை எடுத்துத் தனக்குப் பிடித்த பாட்டின் மேல் ஒட்டியிருக்கக்கூடும். அப்போது காட்சி படத்தின் பெயரைச் சொல்லும், பாட்டின் பெயரைச் சொல்லாது. அந்தப் பாட்டைக் காதில் நிற்கும் ஒரு வரியையோ, முணுமுணுக்க முடிந்த மெட்டையோ வைத்துத் தனியாகத்தான் தேட வேண்டும்.