ஸ்கேனில் ‘முத்துப்பிள்ளை’ என்றால்...

கருவில் குழந்தை வளராமல், நஞ்சு மட்டும் நீர்க்கொப்புளங்களாகத் திராட்சைக் கொத்து மாதிரி பெருகுவதைத்தான் ‘முத்துப்பிள்ளை கர்ப்பம்’ என்கிறோம். தாயின் மரபுப்பொருள் இல்லாத வெற்று முட்டையில் ஆணின் விந்தணு சேர்வதால் பெரும்பாலும் இது உண்டாகிறது. மருமகள் பப்பாளி தின்றதாலோ, மாடிப்படி ஏறியதாலோ வருவதல்ல. மாமியார்கள் கவனிக்க!

என்னிடம் வந்த 26 வயதுப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் 10 வாரம். ஓயாத வாந்தி, பழுப்பு நிறத்தில் உதிரப்போக்கு. ஸ்கேனில் குழந்தை இல்லை. கருப்பை முழுக்கப் பனி கொட்டியது போல் புள்ளிகள். ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் ரத்தத்தில் 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

“ஆஸ்பத்திரி எதுக்குங்க டாக்டர்? எள்ளுக் கஷாயம் மாதிரி ஏதாச்சும் குடுத்துக் கலைச்சிடுங்களேன்” என்றார் கூட வந்த மாமியார்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், கூடவே கூடாது. மருந்தால் கருப்பையைச் சுருங்க வைத்தால் ரத்தம் கொட்டும். நஞ்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் போகலாம். ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில், மயக்க மருந்து கொடுத்து உறிஞ்சி எடுப்பதே முறை. அன்றே அவளை அனுப்பி வைத்தேன்.

எடுத்த சதையைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் சில முத்துப்பிள்ளைகள் ஸ்கேனில், துடிப்பு நின்றுபோன சாதாரணக் கரு போலவே தெரியும். ‘கரு தங்கலை, சுத்தம் பண்ணியாச்சு’ என்று அதோடு விட்டுவிட்டால் உண்மை தெரியாமலே போய்விடும்.

முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். முழு முத்துப்பிள்ளையில் 100 பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு, மிச்சமிருக்கும் திசு மறுபடி வளரத் தொடங்குகிறது. பல நேரம் வெளியே அறிகுறியே இருக்காது, ஹெச்.சி.ஜி.தான் காட்டிக்கொடுக்கும். அதனால் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இந்தப் பெண்ணுக்கு ஆயிரக்கணக்கிலிருந்து நூறுகளாக இறங்கி, 9-வது வாரம் இயல்புக்கு வந்தது. அதோடு நிறுத்தாமல் மாதம் ஒருமுறையாக இன்னும் 6 மாதம் பார்த்தார்கள். எத்தனை மாதம் என்பது முத்துப்பிள்ளையின் வகையைப் பொறுத்துக் கூடும், குறையும்; அதை மகப்பேறு மருத்துவர் சொல்வார்.

அளவு இறங்காமல் நின்றாலோ, ஏறினாலோ பயந்து ஒளிய வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளால் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள். கருப்பையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பரிசோதனையைப் பாதியில் விட்டு, இருமலில் ரத்தம் வந்த பிறகு ஓடுகிறவர்களுக்குத்தான் சிகிச்சை நீளுகிறது.

பரிசோதனைக் காலம் முடியும்வரை கருத்தரிக்கக் கூடாது. புதிய கர்ப்பமும் அதே ஹார்மோனை ஏற்றிவிடும். நோயா, குழந்தையா என்று பிரித்தறிய முடியாது. மாத்திரையோ, ஆணுறையோ, மருத்துவரிடம் கேட்டு ஒன்றைக் கையாளுங்கள்.

“மறுபடியும் இப்படியே வருமா டாக்டர்?” என்று அந்தப் பெண் கேட்டாள். 100 பேரில் ஒருவருக்குத்தான் திரும்ப வருகிறது. அடுத்த முறை நாள் தள்ளியதும் சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடச் சொன்னேன்.