இடுப்பு வரை கூந்தலுக்கு எத்தனை டப்பா டை?

டப்பாவின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து டை வாங்காதீர்கள். பக்கவாட்டில் அச்சிட்ட அளவைப் பாருங்கள். 60 மில்லி கிரீமும் 60 மில்லி டெவலப்பரும் கலந்தால் 120 மில்லி கலவை வரும். தோள் வரையுள்ள, நடுத்தர அடர்த்தி முடிக்கு அது போதும். சில டப்பாக்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அடர்த்தியை அறிய, முடியைக் குதிரைவாலாகக் கட்டி ரப்பர் பேண்ட் இருக்கும் இடத்தில் டேப்பால் சுற்றளவு பாருங்கள். நான்கு அங்குலத்தைத் தாண்டினால் அடர்த்தியான முடி. தோள் நீளத்துக்கே இரண்டு டப்பா வேண்டும். அதே முடி இடுப்பு வரை இருந்தால், நீளம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பதால் நான்கு. மெல்லிய முடியென்றால் இடுப்பு வரைக்கும் இரண்டு போதும்.

நான்கையும் ஒரேயடியாகக் கலக்கக் கூடாது. கலந்ததுமே நிறமேறும் வேதிவினை தொடங்கிவிடும்; மிச்சத்தை மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கலாம். முதலில் இரண்டு, அது தீரும்போது அடுத்தது.

கலவை போதவில்லை என்பதைப் பின்கழுத்துக்கு மேலுள்ள உள்முடியே காட்டிக்கொடுக்கும். சீப்பு அங்கே வறட்சியாக இழுத்தால் திட்டுத் திட்டாகத்தான் நிறம் பிடிக்கும்.

ஏற்கெனவே டை அடித்த முடியில் வேர் மட்டும் நரைத்திருந்தால், எவ்வளவு நீளக் கூந்தலுக்கும் பெரும்பாலும் ஒரு டப்பாவே போதும்.